கடல் தின்ற கரையும் கடல் கட்டிய கரையும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், யார்க்‌ஷயரின் கடலோர வயல்களில், ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒன்றாக அளவுக் கம்பங்கள் நடப்பட்டன. 1951-இல் உள்ளூர் நிர்வாகம் தொடங்கிய ஏற்பாடு அது. கம்பத்திலிருந்து கடலோரச் சரிவின் விளிம்பு வரை எத்தனை மீட்டர் நிலம் மீதி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். அடுத்த முறை வந்து மீண்டும் அளப்பார்கள். விளிம்பு நெருங்கிவிட்டால் கம்பத்தைப் பிடுங்கி உள்ளே தள்ளி நடவேண்டும். இப்போது விமானத்திலிருந்து லேசர் கதிர் செலுத்தி அளக்கிறார்கள் என்றாலும், அந்தப் பழைய கம்பங்கள் தந்த கணக்குதான் அடித்தளம். இந்தக் கரை சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவில் பின்வாங்குகிறது. ஐரோப்பாவிலேயே மிக வேகமாகக் கரையும் கடற்கரைகளில் இது ஒன்று.

இதற்கு ஹோல்டர்னெஸ் கரை என்று பெயர். வடக்கே ஃபிளாம்பரோ முனை என்ற வெண்பாறை முனையில் தொடங்கி, தெற்கே ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் ஸ்பர்ன் என்ற நீண்ட மணல் திட்டில் முடிகிறது. மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். பள்ளிப் புவியியல் நூலில் கடலோர நிலத்தோற்றங்கள் என்று படம் போட்டுக் காட்டும் குகை, வளைவு, கடல் தூண், ஓங்கல், மணல் திட்டு ஆகியவற்றை இந்த ஒரே கரையில் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். அதைவிட முக்கியமானது, அவை ஒன்றோடொன்று கொண்டிருக்கும் உறவு. வடக்கே கரைவதுதான் தெற்கே கட்டப்படுகிறது. இந்த உறவைக் கவனிக்காமல் நடுவில் கை வைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் இந்தக் கரை காட்டுகிறது.

வடமுனையிலிருந்து தொடங்கலாம். ஃபிளாம்பரோ முனை வெண்சுண்ணப் பாறையால் ஆனது. நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து இறுகிய பாறை அது. அருகிலுள்ள பெம்ப்டனில் இந்த ஓங்கல்கள் நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக நிற்கின்றன. பாறை உறுதியானதுதான். ஆனால் ஒரே பாளமாக இல்லை. அதன் ஊடாக வெடிப்புகள் ஓடுகின்றன, அடுக்குகள் முறிந்த இடங்களும் உண்டு. அலை வந்து மோதும்போது வெடிப்புக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அலை விலகியதும் அந்தக் காற்று சட்டென்று விரிகிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும்போது வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிறது. அலை அள்ளி வீசும் கூழாங்கற்கள் அந்த இடத்தை அராவுகின்றன. வெடிப்பு ஒரு குகையாகிறது.

முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அலைகள் அதன் இரு பக்கங்களிலும் வளைந்து வந்து தாக்குகின்றன. ஒரு பக்கத்துக் குகை மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது வளைவு. வளைவின் கூரைக்குக் கீழே தாங்கு இல்லை. மழையும் உறைபனியும் மேலிருந்து அரிக்க, அலை கீழிருந்து அரிக்க, ஒருநாள் கூரை இடிந்து விழுகிறது. அப்போது கடல் பக்கத்துக் கால் மட்டும் தனியே நிற்கும். அதுதான் கடல் தூண். தூணின் அடிப்பகுதியை அலை தொடர்ந்து குடைய, அதுவும் சாய்ந்து, வற்றிய நேரத்தில் மட்டும் தலைகாட்டும் மொட்டைப் பாறையாகிவிடும். ஃபிளாம்பரோவின் செலிக்ஸ் குடாவில் இந்த நிலைகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம். அங்கே ஒரு வளைவு, கழுத்தை நீட்டித் தண்ணீர் குடிக்கும் டைனோசர் போலத் தெரிவதால் அந்தப் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதன் கூரை விழும் நாளில் அங்கே புதிதாக ஒரு தூண் உண்டாகும்.

இந்த வேலை மெதுவானது. வெண்பாறை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் போனாலே அதிகம். முனையைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் கதை அடியோடு மாறுகிறது. அங்கே பாறையே இல்லை. வெறும் களிமண்.

கடைசிப் பனியுகத்தில், ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், வடக்கிலிருந்து நகர்ந்துவந்த பெரும் பனிப்பாளம் தான் சுரண்டிக்கொண்டு வந்த களிமண், மணல், சரளை, உருண்டைக் கல் எல்லாவற்றையும் இங்கே கொட்டிவிட்டுப் பின்வாங்கியது. ஹோல்டர்னெஸ் நிலம் முழுவதும் அந்தக் குவியல்தான். அதற்கு முந்தைய உண்மையான கடற்கரை பல கிலோமீட்டர் உள்ளே, பெவர்லி நகரத்தை ஒட்டி, மண்ணுக்கடியில் புதைந்து கிடக்கிறது. சுவர்பி என்ற ஊரில் மட்டும் அந்தப் பழைய வெண்பாறை ஓங்கல் இன்றைய கரையில் வெளியே தெரிகிறது. அதன் அடியில் கிடைத்த எலும்புகளில் நீர்யானையினுடையதும் இருந்தது. சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன், யார்க்‌ஷயரில் நீர்யானை வாழும் அளவுக்கு வெப்பம் நிலவிய காலத்தில், கடல் அந்த ஓங்கலில் மோதிக்கொண்டிருந்தது. அதனால் இங்கே கடல் செய்வது பனிப்பாளம் இடையில் கொண்டுவந்து போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வேலைதான் என்று சொன்னால் தவறில்லை.

களிமண் ஓங்கல் பாறையைப் போல இடிவதில்லை, சரிகிறது. மழைநீர் மேலிருந்து இறங்கிக் களிமண்ணைக் கனமாக்குகிறது. அடியில் அலை வந்து காலை அரித்துவிடுகிறது. தாங்கு போனதும் ஒரு பெரிய பாளம் வளைந்த பரப்பின் மீது வழுக்கி, கீழே இறங்கிக்கொண்டே பின்பக்கமாகச் சாய்கிறது. இப்படிச் சரிந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. மேலே இருந்த புல்தரை இப்போது பாதி உயரத்தில் ஒரு படியாக, கடலைப் பார்த்துச் சாயாமல் நிலத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். இன்னும் சரியாத இடத்திலும் முன்னறிவிப்பு உண்டு. விளிம்புக்கு இணையாகத் தரையில் நீண்ட வெடிப்பு விழுந்திருந்தாலோ, ஓங்கலின் முகத்தில் நீர் கசிந்து வழிந்தாலோ, அந்தத் துண்டு அடுத்துப் போகப்போகிறது என்று பொருள்.

சரிந்து விழுந்த மண் சில மாதங்களுக்கு ஓங்கலின் அடியைக் காக்கிறது. அலைகள் அந்த மண்ணைக் கரைத்து எடுத்துச் செல்லும் வரை அடுத்த சரிவு இல்லை. பிறகு மீண்டும் அடி அரிக்கப்படுகிறது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு மீட்டர் என்ற சராசரி, கரையோரம் குடியிருப்பவரை ஏமாற்றக்கூடிய எண். ஓர் இடத்தில் சில ஆண்டுகள் ஓர் அங்குலம்கூடப் போகாது. பிறகு ஒரே குளிர்காலத்தில் பத்து மீட்டர் போய்விடும். வீட்டுக்கும் விளிம்புக்கும் இடையே 20 மீட்டர் இருக்கிறது, பத்து ஆண்டுக்குக் கவலையில்லை என்று கணக்குப் போட முடியாது.

எந்த இடம் எப்போது போகும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஓங்கலுக்கு முன்னே கிடக்கும் மணல்தான். மணல் மேடாக இருந்தால் அலை அதன்மீது உடைந்து களைத்துவிடும், ஓங்கலின் காலைத் தொடாது. குளிர்காலப் புயலலைகள் இந்த மணலை உருவிக்கொண்டு போய், கரைக்குச் சற்று வெளியே நீருக்கடியில் நீளவாக்கில் ஒரு வரம்பாகக் குவிக்கின்றன. கரைக்கு இணையான அந்தத் திட்டின்மீது பின்வரும் அலைகள் உடைவதால், திருடப்பட்ட மணலே கரைக்குக் காவலாகிவிடுகிறது. கோடையின் மென்மையான அலைகள் அதைத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கின்றன. கரை ஒவ்வோர் ஆண்டும் மெலிந்து பெருப்பது இப்படித்தான்.

ஹோல்டர்னெஸில் இதோடு இன்னொரு விசித்திரமும் உண்டு. கரையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் தாழ்ந்து, அடிக்களிமண் வெளியே தெரியும் பள்ளங்கள் உண்டாகின்றன. உள்ளூர் மக்கள் அவற்றை ‘ஆர்டு’ என்கிறார்கள். இந்தப் பள்ளம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக்குச் சராசரியாக 500 மீட்டர் அளவில் தெற்கே நகர்கிறது. பள்ளம் எந்த வயலுக்கு முன்னால் வந்து நிற்கிறதோ அந்த வயலின் ஓங்கலில் ஏற்றநீர் தோறும் அலை நேராக மோதும்; அரிப்பு பல மடங்காகும். அது கடந்து போனதும் அந்த இடம் சில ஆண்டுகள் மூச்சுவிடும். கம்பக் கணக்குகளில் ஓர் ஊர் திடீரென்று மோசமாவதும் பிறகு அமைதியாவதும் ஏன் என்பதற்கு இதில் பெரும் பங்கு விடை இருக்கிறது.

பள்ளம் மட்டும் தெற்கே போவதில்லை, மணலே தெற்கே போகிறது. இங்கு வலிமையான அலைகள் வடகிழக்கிலிருந்து வருகின்றன. அந்தத் திசையில் ஆர்க்டிக் பக்கம் வரை தடையில்லாத திறந்த கடல். அலை சாய்வாக வந்து மணலைக் கரையேற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவு வழியே நேராகக் கீழிறங்குகிறது. ஏறும்போது சாய்வு, இறங்கும்போது நேர். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணற்பரல் ஓரடி தெற்கே நகர்ந்துவிடுகிறது. ஓங்கலிலிருந்து விழுவதில் பெரும்பகுதி நுண்ணிய களிமண். அது நீரில் கலங்கி ஹம்பர் முகத்துவாரத்துக்கும் வட கடலின் ஆழத்துக்கும் போய்விடும். மீதியுள்ள மணலும் சரளையும்தான் கரையோரமாக நடந்து தெற்கே செல்பவை.

அவை போய்ச் சேரும் இடம் ஸ்பர்ன். கில்ன்ஸீ என்ற ஊருக்கு அப்பால் நிலக்கரை சட்டென்று மேற்கே திரும்பி ஹம்பர் ஆற்றின் அகன்ற முகத்துவாரமாகிறது. மணல் உடனே திரும்புவதில்லை. வந்த திசையிலேயே கடலுக்குள் நீண்டு, வேகம் குறையும் இடத்தில் படிந்து, படிந்ததன்மீது மேலும் படிந்து, ஒரு பக்கம் வட கடலும் மறுபக்கம் ஆற்று முகமுமாக சுமார் ஐந்தரை கிலோமீட்டர் நீளத் திட்டாக வளர்ந்திருக்கிறது. சில இடங்களில் அதன் அகலம் 50 மீட்டர்தான். முனையை அடையும் அலைகள் வளைந்து உள்ளே திரும்புவதால் திட்டின் நுனியும் உட்பக்கமாக வளைந்திருக்கிறது. அதன் முதுகுப் பக்கத்து அமைதியான நீரில் சேறு படிந்து, பறவைகள் இரைதேடும் சதுப்பாகியிருக்கிறது. ஆற்றின் மறுகரை வரை திட்டு வளராததற்குக் காரணம், ஹம்பரில் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதநீரின் வேகம். நுனியில் சேரும் மணலை அது அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

திட்டு நிலம் போலத் தோன்றினாலும் நிலைத்த நிலம் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் இந்த முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டின்மீது ரேவன்ஸர் ஆட் என்ற துறைமுக நகரம் எழுந்தது. 1299-இல் அரசர் முதலாம் எட்வர்ட் அதற்கு நகர உரிமைப் பட்டயம் வழங்கினார். கப்பல்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள் என்று எதிர்க்கரை கிரிம்ஸ்பி வணிகர்கள் முறையிடும் அளவுக்கு அங்கே வணிகம் செழித்தது. அடுத்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கடல் அதைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டது. 1362-இல் வீசிய பெரும் புயலோடு மிச்சமும் முடிந்தது. நிலப்பகுதியிலும் இதே கதைதான். ரோமானியர் காலத்திலிருந்து இந்தக் கரையில் ஏறத்தாழ முப்பது ஊர்கள் காணாமல் போயிருக்கின்றன. ஓத்தோர்ன் என்ற ஊரின் தேவாலயம் 1816-இல் கடலில் சரிந்தது.

ஹல் பல்கலைக்கழகப் புவியியலாளர் ஜார்ஜ் டி போர் 1960-களில் ஒரு கருத்தை முன்வைத்தார். பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்து, ஸ்பர்ன் ஏறத்தாழ 250 ஆண்டுக்கு ஒருமுறை நீண்டு, மெலிந்து, அறுந்து, மீண்டும் சற்று மேற்கே தள்ளி முளைக்கிறது என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் இதை முழுமையாக ஏற்கவில்லை. திட்டு அவ்வளவு ஒழுங்கான சுழற்சியில் அழிந்து பிறப்பதற்குச் சான்று போதாது என்பது அவர்கள் வாதம். எனினும் ஒன்றில் கருத்து வேறுபாடு இல்லை. வடக்கே ஓங்கல் பின்வாங்க, திட்டின் கழுத்தும் அதோடு மேற்கே நகர்ந்தாக வேண்டும். புயலலை திட்டின்மேல் ஏறி மணலை முதுகுப்பக்கம் வீசும்போது அந்த நகர்வு நடக்கிறது. 1849-இல் கழுத்து அறுந்தபோது அரசு அதை அடைத்து, தடுப்புகள் போட்டு ஓரிடத்தில் கட்டிவைத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அப்படியே பிடித்துவைத்தார்கள். பிறகு பராமரிப்பு நின்று தடுப்புகள் சிதைந்தன. 2013 டிசம்பர் 5 இரவு எழுந்த கடல் பொங்கலில் கழுத்தின் மீதிருந்த சாலை அடித்துச் செல்லப்பட்டது. இப்போது மிக உயர்ந்த ஏற்றநீரின்போது தண்ணீர் அந்த இடத்தைக் கடந்து போகிறது. அந்நேரங்களில் ஸ்பர்ன் ஒரு தீவு.

இப்போது நடுவில் கை வைத்த கதைக்கு வரலாம். மேப்பிள்டன் என்ற சிற்றூர் ஓங்கலின் விளிம்பில் இருக்கிறது. சுமார் 50 வீடுகள். கடலோரச் சாலையும் அதன் வழியே போகிறது. சாலையை உள்ளே தள்ளிப் போடுவதைவிடக் கரையைக் காப்பது மலிவு என்று கணக்கிட்டு, 1991-இல் சுமார் 20 லட்சம் பவுண்டு செலவில் ஓங்கலின் அடியில் கருங்கல் அரணும், கடலுக்குள் நீளும் இரண்டு கல் தடுப்புகளும் கட்டினார்கள். நம் கடலோர ஊர்களில் தூண்டில் வளைவு என்கிறோமே, அதே வேலைதான். திட்டம் ஊரைப் பொறுத்தவரை வென்றது. தடுப்புகளுக்கிடையே மணல் சேர்ந்தது, கரை அகன்றது, அரிப்பு நின்றது.

ஆனால் அந்த மணல் தெற்கே போய்க்கொண்டிருந்த மணல். அது மேப்பிள்டனில் தங்கிவிட்டதால் அடுத்திருக்கும் கௌடன் பகுதிக்கு வரவேண்டியது வரவில்லை. அங்கே கரைமணல் மெலிந்தது, ஓங்கலின் கால் வெளிப்பட்டது, அரிப்பு வேகமெடுத்தது. சில ஆண்டுகளில் ஒரு பண்ணையின் கட்டடங்களை இடித்துவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் கடலரிப்பில் வீடோ நிலமோ போனால் அரசு இழப்பீடு தருவதில்லை. ஒரு ஊர் காக்கப்பட்டதன் செலவில் ஒரு பங்கைக் கேட்காமலேயே பக்கத்து ஊர் கட்டியது. இது அநியாயம் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் 60 கிலோமீட்டரையும் கல்லால் கட்டிவிட்டால் என்ன? முதலாவது, ஓங்கல் கரையாவிட்டால் ஸ்பர்னுக்கு மணல் ஏது? திட்டு பட்டினியால் மெலிந்து அறுந்துபோகும். அதன் மறைவில் இருக்கும் சதுப்பும் முகத்துவாரக் கரைகளும் திறந்த கடலின் அலைக்கு முகம் கொடுக்கும். இரண்டாவது, சுவர் ஓங்கலைத்தான் காக்கும், கடலடியைக் காக்காது. சுவருக்கு முன்னே களிமண் தரை தொடர்ந்து அரிக்கப்பட்டு நீர் ஆழமாகிறது. ஆழம் கூடக் கூட அலை உடையாமல் முழு பலத்தோடு சுவரை வந்தடைகிறது. சுவருக்குப் பெரிய சுவர் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே இன்று பிரிட்லிங்டன், ஹார்ன்ஸீ, விதர்ன்ஸீ போன்ற நகரங்களையும், மேப்பிள்டனையும், வட கடல் எரிவாயு கரையேறும் ஈசிங்டன் நிலையத்தையும் காப்பது, மற்ற நீளத்தைக் கடலிடம் விட்டுவிடுவது என்பதே அங்கே கொள்கை. காக்கப்பட்ட ஊர்கள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்க, இடைப்பட்ட கரை உள்வாங்கிக் குடாவாகிறது. மனிதன் கட்டிய முனைகள் அவை; முனையை அலை எப்படி நடத்தும் என்பதை ஃபிளாம்பரோவில் பார்த்தோம்.

இதே இயக்கம் சென்னையில் திசை மாறி நடந்திருக்கிறது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓட்டம் தெற்கே திரும்பினாலும், கூட்டிக் கழித்தால் மணல் வடக்கேதான் போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அந்த மணல் சுவரின் தென்பக்கம் தேங்கியது. மெரினா இன்றைய அகலத்துக்கு வளர்ந்தது அதனால்தான். சுவரின் வடபக்கம் ராயபுரம் தொடங்கி மணல் வரத்து நின்று, கரை கடலுக்குள் போய், இப்போது பாறாங்கல் கொட்டித்தான் காக்கிறார்கள். மெரினாவின் மணலும் வடசென்னையின் கல்கரையும் ஒரே கணக்கின் வரவும் செலவும்.

இந்தக் கணக்கை யாரும் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கடலுக்குள் நீளும் எந்தக் கல் தடுப்பின் இரு பக்கங்களையும் பாருங்கள். மணல் உயர்ந்து கிடக்கும் பக்கத்திலிருந்துதான் அது வருகிறது. தாழ்ந்து கிடக்கும் பக்கத்துக்கு அது போகவேண்டியிருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் கரைகளைப் பதினொரு மணல் வட்டங்களாகப் பிரித்துத் திட்டமிடுகிறார்கள். ஒரு வட்டத்துக்குள் ஓரிடத்தில் எதைச் செய்தாலும் அதே வட்டத்தின் மறுகோடி வரை விளைவைக் கணிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். நம் கரையில் தூண்டில் வளைவு கேட்கும் மீனவ ஊர்களின் தேவை உண்மையானது. படகும் வீடும் போகும்போது அவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அனுமதி தரும் அரசு ஊருக்கு ஊர் தனித்தனியாகக் கோப்பு திறக்கக்கூடாது. ஒரு தூண்டில் வளைவுக்கு ஒப்புதல் தருமுன், அதற்கு வடக்கே அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில் மணல் எவ்வளவு குறையும் என்ற அளவும், அந்தக் குறையை எப்படி நிரப்புவது என்ற ஏற்பாடும் அதே கோப்பில் இருக்கவேண்டும். கடலோர மக்கள் கிராம சபையில் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.